சாட்சி சொன்னதா, ரைட்டர் எழுதியதா?

கீழவெண்மணி என்ற பெயரைக் கேட்டால் காவிரி பாயும் மண்ணில் இன்றும் பேச்சு ஒரு கணம் நின்றுதான் தொடர்கிறது. 1968ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25ஆம் நாள் இரவு, அன்றைய கீழத்தஞ்சையில், இன்றைய நாகை மாவட்டத்தில், ராமையாவின் குடிசைக்குள் உயிருக்கு அஞ்சி ஒதுங்கிய 44 பேர் தீயில் வெந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்கள், பிள்ளைகள். அறுப்புக் கூலியாக அளக்கும் நெல்லைச் சற்றே கூட்டிக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அந்தச் சேரி மக்கள் செய்த குற்றம்!

வழக்கு நடந்தது. குற்றஞ்சாட்டப்பட்டோர் 23 பேர். 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம், நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட 8 பேருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் அனைவரையும் விடுவித்தது. 1990இல் உச்சநீதிமன்றமும் அந்த விடுதலையை உறுதிசெய்தது. அந்த வழக்கை இங்கே மறுபடியும் நடத்த நான் முற்படவில்லை. நான் பேச வந்தது சொற்களைப் பற்றி.

உயர்நீதிமன்றத் தீர்ப்பில் ஒரு பகுதி உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் அனைவரும் மிராசுதார்கள், பெரும்பாலோர் செல்வர்கள், அவர்களில் ஒருவர் கார் கூட வைத்திருப்பவர். இத்தகையோர் பகை தீர்க்க எண்ணினாலும் வேலைக்காரர்களை ஏவியிருப்பார்களே ஒழியத் தாமே நடந்துசென்று குடிசைக்குத் தீவைத்திருப்பர் என்று நம்புவது கடினம் என்ற கருத்து அதில் வருகிறது. இது நான் என் சொற்களில் தந்த சாரம். மூலம் ஆங்கிலத்தில் இருக்கிறது. வேண்டுவோர் சொல்லுக்குச் சொல் எடுத்துப் படிக்கலாம். நான் சாரத்தைத் திரித்துவிட்டேனா என்று சரிபார்க்கலாம். அரை நூற்றாண்டாக அந்த வாசகத்தை எடுத்துக்காட்டாத மேடை இல்லை, ஏடு இல்லை.

நன்று. அந்தத் தீர்ப்பால் நம்பப்படாமல் போன சாட்சிகள் இருந்தார்களே, எரிந்தவர்களின் தாயும் தந்தையும் அண்ணனும் தம்பியும், அவர்கள் சொன்னது எங்கே? எந்த மேடையிலாவது, எந்த ஏட்டிலாவது, 1968 டிசம்பரில் காவல்துறையிடம் அவர்கள் சொன்ன சொல் அந்தச் சொல்லாகவே வாழ்கிறதா? நீதிபதியின் வாக்கியம் முற்றுப்புள்ளி உட்படக் காப்பாற்றப்படுகிறது. நாற்று நடுகிறவளின் வாக்கியத்துக்கு அந்த உரிமை கிடையாதா? தப்பிப் பிழைத்தவர்கள் தம் வாயால், தம் மொழியால் பேசுவதை நாட்டவர் பரவலாகக் கேட்க, 2005இல் பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படம் வரவேண்டியிருந்தது. முப்பத்தாறு ஆண்டுகள்! வெண்மணியில் காவலர்கள் வேண்டுமென்றே திரித்து எழுதினார்கள் என்று குற்றஞ்சாட்ட இதைச் சொல்லவில்லை. வெண்மணிக்கு முன்பும் பின்பும் இந்நாட்டின் காவல்நிலையங்களில் நாள்தோறும் நடப்பது ஒன்று உண்டு. ஏழை பேசுவாள், ரைட்டர் எழுதுவார், எழுதப்பட்டது வேறொருவர் பேச்சாக இருக்கும். அந்த வழக்கத்தோடுதான் எனக்கு வழக்கு.

“சாரம் சரியாக இருந்தால் போதாதா? சொல்லா முக்கியம், பொருள்தானே முக்கியம்?” என்று கேட்கிறார் நண்பர் ஒருவர். படித்தவர், சட்டமும் அறிந்தவர். அவருக்கு விடை சொல்வதற்குமுன் ஓர் எடுத்துக்காட்டு. கற்பனைதான். ஆனால், டெல்டாவில் நீதிமன்றப் படியேறிய எவரும் இது கற்பனை என்று சொன்னால் சிரிப்பார்.

குறுவைக்குத் தண்ணீர் வந்த காலம். மதகைத் திறந்ததில் தகராறு. ஓர் இளைஞன் அடிபட்டுக் கிடக்கிறான். அவனுடைய அத்தை, நடவாள், கண்ணால் கண்டவள், காவல்நிலையத்தில் சொல்கிறாள்:

“கடைசி பஸ்சு போயி செத்த நேரம் இருக்குங்க. மாட்டுக்கு வைக்கல் அள்ளிப் போட்டுட்டுத் திரும்புனேன். மதகடியில சத்தம் கேட்டுச்சு. ஓடிப் பாத்தா, பண்ணை வூட்டு நடுப்புள்ள எந் தம்பி மவனப் போட்டு அடிக்கிறாரு. கையில மம்பட்டிக் காம்பு. ‘எவன்டா ஒன்னைய மதகத் தொடச் சொன்னது’ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சாரு. கூட ரெண்டு பேரு நின்னாங்க. ஒருத்தன் புடிச்சுக்கிட்டு இருந்தான், இன்னொருத்தன் சும்மா நின்னான். அசலூரு ஆளுங்க, பேரு தெரியாது, பாத்தா சொல்லிப்புடுவேன். நெலா இருந்துச்சு, மொகம் நல்லாத் தெரிஞ்சுது.”

இதற்கு மேலும் அவள் சொன்னாள். நடுப்பிள்ளை சாதிப் பெயரைச் சொல்லித் திட்டிய திட்டை, நாலு பேர் கூடிவிட்ட இடத்தில் அவர் வாயிலிருந்து வந்தபடியே சொன்னாள். இது நாளேடு, அதை நான் இங்கே அச்சிடவில்லை. ஆனால் புகாரில் அதை அச்சிடாமல் விடுவதற்கில்லை. ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

ரைட்டர் எழுதுகிறார். அவர் கொடியவர் அல்லர். நாற்பது வழக்குகளுக்கு நடுவே, இரவு பதினொரு மணிக்கு, பழகிய கையால் எழுதுகிறார்:

“நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்துகொண்டு விவசாயக் கூலி வேலை செய்து வருகிறேன். சம்பவத்தன்று இரவு சுமார் 10.00 மணியளவில் மதகு அருகில் சென்றபோது, எதிரிகள் மூவரும் பொதுவான உள்நோக்கத்துடன் வாதியை ஆபாச வார்த்தைகளால் திட்டி, உருட்டுக்கட்டையால் தாக்கிக் காயப்படுத்தினார்கள். அங்கிருந்த மின்விளக்கு வெளிச்சத்தில் நான் பார்த்தேன். என்னை விசாரித்தார்கள். நடந்ததைச் சொன்னேன்.”

நடந்ததைச் சொன்னாளாம்! ‘பொதுவான உள்நோக்கம்’ என்ற தொடரை எந்த நாற்றங்காலில் கற்றாள் அந்த அம்மை? நான் நாடகம் எழுதுகிறவன். ஒருவர் பேச்சை இன்னொருவர் வாயில் வைப்பது என் பிழைப்பு. என் நாடகத்தில் குப்பாயி இப்படிப் பேசினால், கடைசி வரிசையில் கடலை கொறிப்பவன் கூட எழுந்து, “இது ஆசிரியர் பேசுகிறார்” என்று கூவிவிடுவான். நாடகக் கொட்டகையில் செல்லாத வசனம் நீதிமன்றத்தில் செல்கிறது. அதுவும் ஒரே வழக்கில் ஒன்பது சாட்சிகள், ஒன்பது பேரும் அதே வாக்கியத்தில், அதே ‘சுமார்’, அதே ‘மேற்படி’யுடன் பேசியதாக!

நண்பர் கேட்டாரே, சாரம் சரியாக இல்லையா என்று? மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். அடி விழுந்தது, இரவு விழுந்தது, அவள் பார்த்தாள். இனி அந்தச் சாரம் கூண்டில் ஏறும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள்.

ஈராண்டு கழித்து வழக்கு வருகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுகிறார். முதற்கேள்வி நேரம். “இரவு 10 மணிக்குப் பார்த்ததாகப் போலீசில் சொல்லியிருக்கிறீர்கள், இங்கே கடைசி பஸ் போன பிறகு என்கிறீர்கள்.” அன்று அந்தப் பேருந்து வழியில் பழுதாகி 11 மணிக்குத்தான் ஊரைக் கடந்தது என்பதற்கு அவரிடம் ஆவணம் இருக்கிறது. அவள் பொய் சொல்லவில்லை, கடிகாரமும் பார்க்கவில்லை, பேருந்தைத்தான் பார்த்தாள். 10.00 என்ற எண் ரைட்டரின் எண். ஆனால் பொய்யராவது அவள்.

அடுத்து வெளிச்சம். “மின்விளக்கில் பார்த்தேன் என்றீர்களே, அன்றிரவு உங்கள் ஊரில் மின்சாரமே இல்லையே?” மின்வாரியப் பதிவேடு மேசைமேல் விரிகிறது. நிலவைச் சொன்னவள் விளக்குக்குப் பதில் சொல்ல முடியாமல் விழிக்கிறாள். மண்வெட்டிக் காம்பு என்று கூண்டில் சொல்கிறாள். உருட்டுக்கட்டை என்று தாளில் இருக்கிறது. ‘எவன்டா மதகைத் தொடச் சொன்னது’ என்ற கேள்வியைக் கூண்டில் சொல்கிறாள். அது தாளிலேயே இல்லை. வழக்கின் நோக்கமே அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருந்தது!

இங்கே சட்டத்தின் ஒரு நுணுக்கத்தைத் தோழர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். காவல்துறை சாட்சியை விசாரித்து எழுதும் வாக்குமூலத்துக்குப் பழைய குற்றவிசாரணை முறைச் சட்டத்தில் 161ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும், தமிழன் நாக்கில் எளிதில் புரளாத ‘பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா’வில் 180ஆம் பிரிவு. எண் மாறிற்றே தவிர இயல்பு மாறவில்லை. அந்த வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்தை வாங்கக் கூடாது. சாட்சி சொன்னது உண்மை என்று காட்ட அரசுத் தரப்பு அதைத் துணைக்கு அழைக்கவும் முடியாது. சாட்சி கூண்டில் மாறிப் பேசுகிறார் என்று காட்டுவதற்கே அது பயன்படும். அதாவது, ரைட்டர் எத்துணை நேர்மையாய் எழுதினாலும் அந்தத் தாள் அவளுக்கு ஊன்றுகோல் ஆகாது. எழுத்துப் பிழைத்தால் மட்டும் அவள் தலையில் விழும் கோல் ஆகும்.

சேர்த்து எழுதியது மட்டுமா முரண்? எழுதாமல் விட்டதும் முரண். 1959இல் தஹசில்தார் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் எந்த விடுபாடு முரண் ஆகும், எது ஆகாது என்று நெடிதாய் ஆராய்ந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டம், பொருட்படுத்தத்தக்க ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தால் அதுவும் முரணாகலாம் என்று விளக்கவுரையே சேர்த்துவிட்டது. புதுச் சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. ஆகவே குறுக்கு விசாரணையில் நடக்கும் நாடகம் இதுதான்.

“மண்வெட்டிக் காம்பு என்று போலீசில் சொன்னீர்களா?”

“சொன்னேனுங்க.”

“நடுப்பிள்ளை மதகைப் பற்றிக் கேட்டதாகச் சொன்னீர்களா?”

“எல்லாந்தாங்க சொன்னேன்.”

பின்னொரு நாள் விசாரணை அதிகாரி கூண்டில் ஏறுகிறார். “இந்தச் சாட்சி உம்மிடம் மண்வெட்டிக் காம்பு என்று சொன்னாரா?” அவர் தாளைப் புரட்டுகிறார். தாளில் இல்லை. “அவ்வாறு என் விசாரணையில் சொல்லவில்லை.” முடிந்தது கதை. சொன்னவள் சொல்லவில்லை என்றாயிற்று. எழுதாதவர் எழுதியதே சான்றாயிற்று. அவள் படிக்காதவள். அந்தத் தாள் அவளுக்குப் படித்துக் காட்டப்படவும் இல்லை. முதல் தகவல் அறிக்கையையாவது படித்துக் காட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கவேண்டும், படி ஒன்றை இலவசமாய்த் தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இந்த வாக்குமூலத்துக்கு அந்தக் காவலும் இல்லை.

ஏன் இப்படி ஒரு சட்டம்? அதன் வேர் நம் மாகாணத்தில் இருக்கிறது. கும்பெனி ஆட்சியில் வரி தண்டவும் குற்றம் ஒப்புக்கொள்ள வைக்கவும் குடிகளைச் சித்திரவதை செய்த கொடுமையை ஆராய எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் கொண்ட ஆணையம் சென்னையில் அமைந்தது. 1855இல் அறிக்கை தந்தது. காவலர் முன் செய்த ஒப்புதல் செல்லாது என்ற விதி 1861இல் சட்டமாயிற்று. காவல்நிலையத்தில் எழுதப்படும் எழுத்தை நம்பாதே என்ற ஐயம் அன்று தொட்டு நம் சட்டத்தில் ஊறியிருக்கிறது. நல்ல ஐயம்தான், குற்றஞ்சாட்டப்பட்ட ஏழைக்குக் கவசம்தான். ஆனால் நகைமுரணைப் பாருங்கள். காவலரின் எழுத்தை நம்பாத அதே சட்டம், அந்த எழுத்தைக் கொண்டு சாட்சியை மட்டும் பொய்யராக்க விட்டிருக்கிறது!

இனி, புகாரில் விடமுடியாது என்றேனே, அந்தத் திட்டு. ‘ஆபாச வார்த்தைகளால் திட்டினார்’ என்று எழுதிவிடுவது ரைட்டருக்குக் கூச்சத்தைத் தவிர்க்கிறது, வழக்கைக் கொன்றுவிடுகிறது. என்ன சொல் என்று குறிப்பிடாத ஆபாசக் குற்றச்சாட்டு நிற்காது என்று நீதிமன்றங்கள் பலமுறை தள்ளியிருக்கின்றன. அதைவிடப் பெரிது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லி ஏசுவது அதில் தனிக் குற்றம். மற்ற குற்றங்களில் சொல் சான்று. இங்கே சொல்லே குற்றம். கொலையில் கத்தியைக் கைப்பற்றாமல் ‘கூரிய பொருள் ஒன்று’ என்று எழுதிவைத்துவிட்டுப் போவாரா அதிகாரி? இங்கே கத்தி அந்தச் சொல். அதை நாகரிகம் கருதி நீக்கிவிட்டு, ‘சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினார்’ என்று சுருக்கினால், எந்தச் சாதிப் பெயர், எந்தச் சொல், யார் காதுபட, எந்த இடத்தில் என்ற நான்கும் போயின. எஞ்சியிருப்பது எழுதியவரின் கருத்து மட்டுமே.

அந்தச் சட்டம் இதை உணர்ந்தே இருக்கிறது. வாய்மொழியாகத் தந்த தகவலை எழுதி, கையெழுத்து வாங்குமுன் படித்துக் காட்டவேண்டும், படி தரவேண்டும் என்பது 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் 4ஆம் பிரிவில் அதிகாரியின் கடமை. வேண்டுமென்றே தவறினால் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை சிறை. எத்தனை நிலையங்களில் இதைச் சுட்டிக்காட்டிக் கேட்டிருக்கிறோம் தோழர்களே?

நண்பர் விடவில்லை. “வட்டாரப் பேச்சை அப்படியே எழுதினால் மேல்நீதிமன்றத்தில் யாருக்குப் புரியும்? ஒவ்வொருவர் புலம்பலையும் எழுத எந்த ஏட்டுக்கு நேரம் இருக்கிறது?” என்கிறார்.

நேரத்தைப் பற்றி அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. முப்பது சாட்சிகள் உள்ள வழக்கில் முப்பது பேர் பேச்சையும் மூச்சு விடாமல் எழுத முடியாது. எழுதவும் வேண்டாம். அவள் எந்த ஊர், என்ன தொழில், அடிபட்டவனுக்கு என்ன உறவு, இவற்றைச் சுருக்கி எழுதினால் யாருக்கும் இழப்பில்லை. ஆனால் எதிராளி சொன்ன சொல், ஆயுதத்தின் பெயர், நேரத்தை அவள் எதைக் கொண்டு அறிந்தாள், முகத்தை எந்த ஒளியில் கண்டாள், யாரைத் தெரியும் யாரைத் தெரியாது, இந்த ஐந்தாறு வாக்கியங்கள் அவள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கவேண்டும். அதிகாரி கேட்டதால் சொன்னாள் என்றால் கேள்வியும் எழுதப்படவேண்டும். “கம்பா வச்சிருந்தாங்க?” என்று கேட்டு “ஆமாங்க” என்று வாங்கியதை, அவளே கம்பு என்று சொன்னதாக எழுதினால் அது வேறு பொய். எது அவள் சொல், எது என் சுருக்கம் என்று தாளைப் பார்த்தாலே தெரியவேண்டும். மேற்கோள் குறிக்குள் தன் சொல்லை நுழைப்பவனைவிட, மேற்கோள் குறியே போடாத ரைட்டர் ஆயிரம் மடங்கு மேல்.

புரியாது என்ற வாதத்துக்குச் சட்டமே விடை சொல்லியிருக்கிறது. சாகிறவனின் மரண வாக்குமூலத்தை எப்படி எழுதவேண்டும்? 1957இல் குஷால் ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது: தக்க நீதிபதி ஒருவர், கேள்வியும் பதிலுமாக, இயன்றவரை சொன்னவரின் சொற்களிலேயே பதிந்த வாக்குமூலம், மற்றதைவிட உயர்ந்த நிலையில் நிற்கிறது. சாகும்போது சொன்னால் அவன் சொல்லுக்கு மதிப்பு. பிழைத்துக்கொண்டால் ரைட்டர் சொல்லுக்கு மதிப்பு. இது என்ன நியாயம்? மண்ணெண்ணெய் ஊற்றப்பட்டவளின் கொச்சைப் பேச்சு மேல்நீதிமன்றத்துக்குப் புரியும்போது, மதகடியில் நின்றவளின் கொச்சைப் பேச்சு மட்டும் புரியாமல் போகுமா?

ஏட்டுக்கு நேரமில்லை என்றால் கருவிக்கு நேரம் இருக்கிறது. சாட்சியின் வாக்குமூலத்தை ஒலியும் ஒளியுமாகப் பதியலாம் என்று 2009இலேயே சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. புதுச் சட்டமும் அதை வைத்திருக்கிறது. ‘பதியலாம்’ என்று இருக்கிறது, கவனியுங்கள். ‘பதியவேண்டும்’ என்று இல்லை. அந்த ஒரு விகுதியில் எத்தனையோ ஏழைகளின் வாய் அடைபட்டுக் கிடக்கிறது. அதை மாற்றக் கேட்பது நம் இயக்கம் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் எடுக்கவேண்டிய வேலை. கருவி வந்தாலும் எல்லாம் தீராது என்பதும் எனக்குத் தெரியும். பதிவுக்கு முன்னால் அவளை எவ்வளவு நேரம் உட்கார வைத்தார்கள், யார் வந்து பேசினார்கள் என்பது பதிவில் வராது. மூன்று வாரம் கழித்துப் பதிந்த பேச்சு, சொல்லுக்குச் சொல் இருந்தாலும் மூன்று வாரம் ஊர் பேசிய பேச்சுதான்.

சொல்லுக்குச் சொல் எழுதுவது நமக்கு மட்டும் நன்மை என்று யாரும் மகிழ வேண்டாம். அந்த அம்மை சொன்னதைத் திரும்பப் பாருங்கள்: இருவரில் ஒருவன் பிடித்துக்கொண்டிருந்தான், இன்னொருவன் சும்மா நின்றான். ரைட்டரின் தாளில் ‘மூவரும் தாக்கினார்கள்’. சும்மா நின்ற அந்த அசலூர்க்காரன், அவனும் யாரோ ஒரு கூலிக்காரனாகத்தான் இருப்பான், தாக்கியவன் ஆகிவிட்டான். அவனைச் சிறைக்கு அனுப்ப அவள் விரும்பவில்லை, தாள் அனுப்புகிறது. கூட்டத்தில் நின்றவனையெல்லாம் ஒரே வினைமுற்றில் கட்டிப்போடும் இந்த எழுத்தால் அதிகம் சிறை கண்டவர்கள் யார்? வெண்மணி எரிந்த அதே இரவில் நிலவுடைமையாளர் தரப்பில் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் விவசாயத் தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள் என்பதை நினைவுபடுத்துகிறேன். டெல்டாவில் உழைப்பவன் சாட்சிக் கூண்டில் நின்ற அளவுக்குக் குற்றவாளிக் கூண்டிலும் நின்றிருக்கிறான்.

காவல்நிலையத்தை இவ்வளவு நேரம் சாடினேன். நம் வீட்டையும் கொஞ்சம் பெருக்குவோம். நிலையத்துக்குப் போகுமுன் புகாரை எழுதுவது யார்? பெரும்பாலும் நம் கிளைச் செயலாளர். அல்லது என்னைப் போல் மேடையில் நாலு வார்த்தை பேசத் தெரிந்த ஒருவர். நாம் எழுதுவது ரைட்டரின் ‘மேற்படி’ அல்ல, அதைவிடக் கேடானது. ‘ஆதிக்க வெறியர்களின் அடியாட்படை ஆவேசத்துடன் பாய்ந்தது’ என்று எழுதுகிறோம். அடுக்குமொழி! நீதிமன்றத்தில் முதற்கேள்வியே, “அம்மா, ‘அடியாட்படை’ என்றால் என்ன என்று சொல்லுங்கள், பார்ப்போம்” என்பதுதான். அடுத்த கேள்வி, “இதை எழுதிக் கொடுத்த கட்சிக்காரர் யார்?” கண்ணால் கண்ட சாட்சி கட்சி தயாரித்த சாட்சியாக மாற அந்த இரண்டு கேள்விகள் போதும்.

இதில் நான் குற்றமற்றவன் அல்லேன். சில ஆண்டுகளுக்கு முன், கூலித் தகராறு ஒன்றில் கைமுறிந்த கிழவியொருத்திக்குப் புகார் எழுதிக்கொடுத்தேன். கல்லூரியை முடிக்காதவன் என்றாலும் தமிழில் நமக்கென்ன குறை என்ற செருக்கு. இரண்டு பக்கம். எதுகையும் மோனையும் துள்ளின. சுற்றி நின்ற தோழர்கள் தலையாட்டினார்கள். உரக்கப் படித்துக் காட்டினேன். கிழவி கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு முறியாத கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “நல்லாத்தான் இருக்கு தம்பி. இது எந்தூர்ல நடந்தது?” என்றாள்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். “நீங்க சொல்லுங்க ஆத்தா” என்று புதுத் தாளை எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதியதில் முக்கால் பக்கம்தான் வந்தது. முதல் வரி இப்படி இருந்தது: “மூணு மரக்கா நெல்லு பாக்கி கேக்கப் போனேங்க.”